தையலுக்குள் விட்ட துணி

கடையை விடுகிற அன்று பக்கத்துக் கடைக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களும் என்னிடம் தொழில் கற்றுப் போன பையன்களும் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். கையில் டீ கிளாஸைக் கொடுத்து, "மாஸ்டர், நாற்பது வருஷத்துல ஜனங்க உடுப்பு எப்படி மாறிச்சு, நாலு வார்த்தை பேசுங்க" என்றார்கள். அங்கே பேசியதைக் கொஞ்சம் விவரம் சேர்த்து எழுதுகிறேன். துணி வாங்குகிறவர்களுக்கும் தைக்கக் கொடுக்கிறவர்களுக்கும் இதில் உபயோகம் உண்டு.

பெல்பாட்டம் போய் சஃபாரி வந்தது, முன்னால் பிளீட் வைத்த பேகி பேன்ட் வந்தது, அப்புறம் அதுவும் போய் காலோடு ஒட்டின பேன்ட் வந்தது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் இருக்கும் கல்யாண ஆல்பங்களை வரிசையாகப் புரட்டினால் போதும். டெய்லர் பார்ப்பது உடுப்பின் உள்பக்கம். என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் அங்கேதான் நடந்தது. தையலைத் தாண்டி உள்ளே விடுகிற துணி, நாங்கள் மார்ஜின் என்போமே, அது கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விட்டது.

1985-ல் நான் வேலூரில் கடை போட்டபோது இது வட ஆற்காடு மாவட்டம். பஜாரில் மீட்டர் கணக்கில் துணி கிழித்து வாங்கி, நேராக டெய்லரிடம் வருவார்கள். பெரும்பாலும் டெரிகாட்டன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் அப்பாவோ அம்மாவோ பையனை முன்னால் நிறுத்தி ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள்: "வளர்ற பையன், விட்டுத் தைங்க."

விட்டுத் தைப்பது என்றால் தொளதொளவென்று தைப்பது இல்லை. இடுப்பு 24 இஞ்ச் இருக்கும் பையனுக்கு 24-க்கே தைப்போம். பின்பக்க நடுத்தையலில் மட்டும், இடுப்புப் பட்டி சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே இருக்கும். கீழே கால் பிரியும் இடத்துக்கு வரும்போது அது அரை இஞ்சாகக் குறுகும். அடுத்த வருஷம் அந்தத் தையலைப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு இஞ்ச் தள்ளித் தைத்தால் இடுப்பு 26 ஆகிவிடும். அப்புறமும் அரை இஞ்ச் உள்ளே மிச்சம் இருக்கும். கீழே பாட்டத்தில் 3 இஞ்ச் மடித்து வைத்திருப்போம். அதில் 2 இஞ்சை இறக்கிவிட்டால் நீளமும் சரி. பழைய மடிப்பின் கோடு மட்டும் எவ்வளவு இஸ்திரி போட்டாலும் போகாது. கணுக்காலுக்கு மேலே போன வருஷக் கோட்டோடுதான் பாதி வகுப்பு உட்கார்ந்திருக்கும். யாரும் யாரையும் கிண்டல் செய்ததாக ஞாபகம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது பட்டி. பேன்ட்டில் எவ்வளவு துணி விட்டாலும், இடுப்புப் பட்டி ஒரே துண்டாகச் சுற்றி வந்தால் பிரயோஜனம் இல்லை. பட்டியும் பின்னால் நடுவில் இரண்டு துண்டாகச் சேர வேண்டும். கடையில் பேன்ட் வாங்கும்போது பின்பக்கம் பட்டியின் நடுவில் செங்குத்தாக ஒரு தையல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே திருப்பி எவ்வளவு துணி இருக்கிறது என்று பார்க்கலாம். ஜீன்ஸில் பெரும்பாலும் பட்டி ஒரே துண்டு. இடுப்பு பெருத்துவிட்டது, லூஸ் பண்ணிக் கொடுங்கள் என்று ஜீன்ஸோடு வருகிறவர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

பெண் பிள்ளைகளின் பாவாடைக்கு வேறு வழி. ஆரணிப் பட்டில் பாவாடை தைத்தால் கரைக்கு மேலே சுற்றிலும் டக் பிடிப்போம். ஒரு இஞ்ச் டக் 2 இஞ்ச் துணியை விழுங்கி வைத்திருக்கும். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம். இப்போது அந்தப் பாவாடையை யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு கவுன் வாங்கிவிடுகிறார்கள், ஒரு விசேஷத்துக்குப் போட்டதோடு சரி.

மார்ஜின் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே இடம் பிளவுஸ். அதையும் சரியாகக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். "உள்ளே ரெண்டு மூணு தையல் போட்டுக் கொடுங்க, வேணும்னா பிரிச்சுக்கறேன்" என்று பெரியம்மாக்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கு இப்படி. பக்கத்தில் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் கால் இஞ்ச் இடைவெளி. ஒரு தையலைப் பிரித்தால் முன்துணியில் கால் இஞ்ச், பின்துணியில் கால் இஞ்ச், ஆக அரை இஞ்ச் கிடைக்கும். இரண்டு பக்கமும் பிரித்தால் ஒரு இஞ்ச். அதாவது 36 மார்புச் சுற்றுக்குத் தைத்த பிளவுஸில் இரண்டிரண்டு தையல் பிரித்தால் 38-க்கு வரும். குழந்தை பெற்ற பெண்கள் பழைய பட்டு பிளவுஸைத் தூக்கிப் போடாமல் போட்டுக்கொண்டது இதனால்தான்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. இரண்டு, இரண்டரை இஞ்சுக்கு மேல் பக்கத்தில் விட்டால் பிளவுஸ் பெரிதாகும், பொருத்தமாக இருக்காது. முன்னால் டாட்டுகள் பழைய இடத்திலேயே நிற்கும். தோளும் கழுத்தும் பழைய அளவு. பக்கத்தில் மட்டும் துணி கூடியிருக்கும். கையை உயர்த்தினால் பிளவுஸ் மொத்தமும் மேலே ஏறும். அந்த நிலைமைக்கு வந்துவிட்டால் புதிதாகத் தைப்பதே மேல்.

தைத்து வாங்கும்போது பிளவுஸை உள்ளே திருப்பி அக்குளைப் பாருங்கள். உடம்புத் துணியில் ஒரு இஞ்ச் மார்ஜின் இருந்து, கைத்துணியில் அரை இஞ்ச்கூட இல்லை என்றால், அந்த ஒரு இஞ்ச் இருந்தும் இல்லாததுதான். பக்கத்துத் தையல் இடுப்பில் தொடங்கி அக்குளைக் கடந்து கையின் விளிம்பு வரை ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். அக்குளில் துணி இல்லாவிட்டால் மேலே பிடித்துக்கொண்டு கிழியும். லைனிங் வைத்த பிளவுஸ் என்றால் லைனிங்கிலும் அதே அளவு மார்ஜின் வேண்டும். லைனிங்கை மட்டும் ஒட்ட வெட்டிவிடுகிற கடைகள் உண்டு; மேலே பட்டு தாராளமாக இருக்கும், உள்ளே பிரித்தால் ஒன்றும் இருக்காது.

லைனிங் என்றதும் இன்னொன்று. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். டெரிகாட்டன் அவ்வளவாகச் சுருங்காது. அதைக் கட்டிக்கொண்டு ஒரு தலைமுறை வளர்ந்ததில் அந்தப் பழக்கமே மறந்துபோனது. அப்புறம் வெயிலுக்கு காட்டன்தான் என்று திரும்பி வந்தார்கள், நனைக்கிற பழக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. நனைக்காத காட்டன் முதல் துவைப்பில் நூற்றுக்கு 5 பங்கு வரை சுருங்கலாம். 15 இஞ்ச் உயரமுள்ள பிளவுஸில் அது முக்கால் இஞ்ச். மேலே பட்டோ பாலியஸ்டரோ அப்படியே இருக்க, உள்ளே லைனிங் மட்டும் சுருங்கினால் என்ன ஆகும்? மேல்துணி குமிழ் குமிழாகத் தூக்கும், கீழ் விளிம்பு உள்பக்கம் சுருண்டு கொள்ளும். டெய்லர் தைத்தது கோணல் என்று சண்டைக்கு வருவார்கள். லைனிங்கை ராத்திரி நனைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். பட்டை நனைக்க வேண்டாம்.

ரெடிமேட் வந்தபோது எங்களுக்குப் பிழைப்புப் போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை, மாறியது. துணி தைக்க வந்தவர்கள் ஆல்டர் செய்ய வந்தார்கள். ஃபேக்டரியில் துணிதான் செலவு. ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொரு உடுப்பிலும் ஒரு இஞ்ச் விட்டால் அவர்களுக்குக் கட்டுபடியாகாது. அதனால் ஓவர்லாக் மெஷின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைத்துவிடும். உள்ளே ஒரு சென்டிமீட்டர் இருந்தால் பெரிது. இதில் பிடிக்கலாம், விட முடியாது. ஆகையால் இரண்டு சைஸுக்கு நடுவில் நிற்கிறவர்கள் பெரியதை எடுங்கள். சட்டை என்றால் தோள் சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள். பக்கத்தைப் பிடிப்பது சின்ன வேலை. தோளைக் குறைக்க வேண்டும் என்றால் இரண்டு கையையும் கழற்றி மாட்ட வேண்டும்; கூலியைக் கேட்டால் சட்டையையே இன்னொன்று வாங்கிவிடலாம் என்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

எங்கள் ஊருக்கே உரிய வாடிக்கையாளர்கள் ஒரு வகை. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கும் வெளி மாநிலத்துக் குடும்பங்கள். வரும்போது போட்டிருந்த சல்வார், வைத்தியத்தில் உடம்பு இளைத்துத் தோளில் தொங்கும். பக்கத்தில் 3 இஞ்ச், 4 இஞ்ச் பிடிக்கச் சொல்வார்கள். பிடித்துத் தைப்பேன், உள்ளே தள்ளிய துணியை வெட்டமாட்டேன். "பைய்யா, உள்ளே குத்துது, வெட்டிடுங்க" என்று ஒரு அம்மா கேட்டார். உடம்பு தேறினால் வேண்டும் என்று கையாலும் பாதி இந்தியிலும் சொல்லி, அந்தத் துணியைப் பின்பக்கமாக மடித்து ஊசித் தையலில் தட்டையாக அமுக்கிக் கொடுத்தேன். குத்துவது நின்றது. உடம்பு இளைத்தவர்களுக்கு ஆல்டர் செய்யும் டெய்லரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்: மெஷின் தையல் பெரிய பெரிய பல்லாக இருக்கட்டும், துணி உள்ளேயே இருக்கட்டும். சின்னப் பல்லில் தைத்தால் பிரிக்கும்போது மெல்லிய துணி கிழிந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் என் பழைய சிஷ்யன் ஒருவன் கேட்டான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் போடும் இழுத்தால் நீளும் பேன்ட்டுக்கு மார்ஜினே தேவையில்லையே மாஸ்டர் என்று. பாதி உண்மைதான். லைக்ரா கலந்த துணி இடுப்பு இரண்டு இஞ்ச் கூடினாலும் கொடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த நீளும் இழைக்குச் சூடு ஆகாது. கொதிக்கக் கொதிக்க இஸ்திரி போட்டால் சீக்கிரம் தளர்ந்து முட்டியில் பை கட்டும். அதற்குப் பிறகு எந்த டெய்லரிடம் கொண்டு போனாலும் சரிசெய்ய முடியாது.

கடையை என் கட்டர்தான் எடுத்து நடத்தப் போகிறான். அளவு நோட்டெல்லாம் அவனிடமே இருக்கிறது. தைத்து வாங்கிப் போகாமல் அலமாரியில் கிடக்கும் உடுப்புகளும் அங்கேயே இருக்கின்றன, தொண்ணூறுகளின் பிளீட் பேன்ட்கூட உண்டு. ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு இப்போது சேராது என்று தெரியும். உள்ளே துணி விட்டிருக்கிறேன்.