"வழக்கு தள்ளுபடி" என்றால் காணி யாருக்கு?

"மிஸ், வழக்குத் தள்ளுபடியாப் போச்சு. அப்ப வளவு இனி எங்கடதானே?"

இந்தக் கேள்வியோடு என் கந்தோருக்கு வராத மாதமே இல்லை. வருகிறவர்களின் கையில் அநேகமாக அரைப்பக்கக் கடதாசி ஒன்று இருக்கும். தீர்ப்பு இருபது பக்கத்துக்கு மேல் போகும், சனங்களுக்கு விளங்காது என்று யாரோ நல்ல மனதோடு எழுதிக்கொடுத்த சுருக்கம் அது. கடைசியாக வந்த கடதாசியில் இவ்வளவுதான் இருந்தது:

"வழக்காளியின் உறுதி பிழையானது என்பதால் வழக்குத் தள்ளுபடி. எதிராளி வென்றுள்ளார். 60 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்."

மூன்றே வசனம். மூன்றிலும் பிழை. இந்தக் கடதாசியை நம்பி எதிராளியின் ஆட்கள் வேலியைப் பிடுங்கித் தள்ளிப் போட்டார்கள். வழக்காளியின் மகன் 60 நாள் கிடக்குத்தானே என்று ஆறுதலாக இருந்துவிட்டான். வேலிச் சண்டை பொலிசுக்குப் போய், அங்கிருந்து சமாதானக் குலைவு என்று 66ஆம் பிரிவு வழக்காக நீதவான் நீதிமன்றத்துக்கு வந்து நிற்கிறது. இருந்த வழக்கு ஒன்று, இப்போது இரண்டு.

ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் இதைச் சொல்கிறேன். படுவான்கரைப் பக்கத்து வளவு ஒன்று. வழக்காளி ஒரு வயதான அம்மா. தகப்பன் எழுதிக்கொடுத்த உறுதி அவரிடம் இருக்கிறது. வளவில் குடியிருப்பவர் எதிராளி. அம்மா மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டவை நான்கு: காணி தன்னுடையது என்ற பிரகடனம், எதிராளியை வெளியேற்றும் கட்டளை, நட்டஈடு, வழக்குச் செலவு. எதிராளி சும்மா இருக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனுபவித்து வருகிறேன், ஆட்சியுரிமைப்படி காணி எனக்கே என்று பிரகடனம் செய்யுங்கள் என எதிர்க்கோரிக்கை போட்டார்.

தீர்ப்பின் கடைசிப் பக்கம் சொன்னது இதுதான்: வழக்காளியின் வழக்கு தள்ளுபடி. எதிராளியின் எதிர்க்கோரிக்கையும் தள்ளுபடி. செலவு பற்றிக் கட்டளை இல்லை.

எதிர்க்கோரிக்கையும் தள்ளுபடி என்ற அந்த ஒரு வரி அரைப்பக்கச் சுருக்கத்தில் எங்கே போனது? அதை விட்டுவிட்டால் மிச்சம் எல்லாமே பொய்யாகிவிடுகிறது.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதில்தான் வழுக்குகிறார்கள். காணியை மீட்கக் கேட்டு வழக்கு வைப்பவர்தான் தன் உரித்தை நிரூபிக்க வேண்டும். எதிராளி எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, வாய் திறக்காமலே இருக்கலாம். வழக்காளியால் முடியாமல் போனால் வழக்குத் தள்ளுபடி. அதன் அர்த்தம், கேட்டவருக்கு நீதிமன்றம் கொடுக்கவில்லை என்பது மட்டுமே. கேட்டவருக்குக் கொடுக்காததால் இருப்பவருக்குக் கொடுத்தது ஆகிவிடாது. இருப்பவர் தனக்கு வேண்டுமென்று தனியாகக் கேட்டு, தனியாக நிரூபித்து, தனியாக ஒரு கட்டளை பெற வேண்டும். இந்த வழக்கில் அவர் கேட்டார், ஆனால் பெறவில்லை. வழக்கு வைக்க முந்திய பத்து ஆண்டுகள் இன்னொருவரின் உரிமையை ஏற்காமல் தனக்கென்று ஆண்டார் என்பதற்கு அவரிடம் இருந்தது அவருடைய வாய்ச்சொல்லும் சில மின்சாரப் பட்டியல்களும்தான். அதில் முதலாவது பட்டியலே பத்து ஆண்டைத் தொடவில்லை.

ஆக, அவரை எழுப்பச் சொல்லி ஒரு கட்டளையும் இல்லை, அதனால் அவர் இருக்கிறார். அவர் உரிமையாளர் என்றும் கட்டளை இல்லை, அதனால் அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் நொத்தாரிசிடம் நீட்டி விற்க முடியாது. வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: "கோட்டில வென்ற காணி" என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டளையில், எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள்.

இனி அந்த "உறுதி பிழையானது". நீதிபதி அப்படிச் சொல்லவே இல்லை. உறுதியில் உள்ள விஸ்தீரணம் 1 ரூட் 20 பேர்ச். ஆணையின் பேரில் நில அளவையாளர் அளந்து காட்டிய துண்டு 2 ரூட் 5 பேர்ச். உறுதியில் வடக்கு எல்லை ஒழுங்கை, வரைபடத்தில் வடக்கே இன்னொருவரின் வளவு. பழைய வரைபடத்தைப் புதியதன் மேல் பொருத்திக் காட்டும்படி யாரும் அளவையாளரைக் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது, அது வேறு கதை.) ஆகவே "உறுதியில் சொல்லப்பட்ட காணியும் வழக்குக் காணியும் ஒன்றே என்பது நிரூபிக்கப்படவில்லை" என்பதுதான் எழுவினாவுக்கு, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விக்கு, நீதிமன்றம் கொடுத்த விடை. உறுதி கள்ளமா என்ற எழுவினாவே வழக்கில் இல்லை.

நிரூபிக்கப்படவில்லை என்பதைப் பொய் என்று மாற்றி எழுதிவிட்டால், அந்த அம்மா ஊரில் கள்ள உறுதிக்காரியாகிவிடுகிறார். அதுதான் நடந்தது. சுருக்கம் எழுதுகிற தம்பி தங்கச்சிமார் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். எழுவினாக்களின் விடைகளில் "ஆம்", "இல்லை", "நிரூபிக்கப்படவில்லை", "எழவில்லை" என்று நான்கு விதம் வரும். எழவில்லை என்றால் அந்தக் கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. நான்கையும் "ஆம், இல்லை" என்று இரண்டாகக் குறைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

60 நாள் கதை இதைவிட மோசம், ஏனென்றால் அது பாதி உண்மை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் சிவில் மேன்முறையீடு போக இரண்டு கடதாசி வேண்டும். முதலாவது மேன்முறையீட்டு அறிவித்தல், 14 நாட்களுக்குள். இரண்டாவது மேன்முறையீட்டு மனு, 60 நாட்களுக்குள். இரண்டும் தீர்ப்புச் சொன்ன அதே மாவட்ட நீதிமன்றத்தில்தான் கொடுக்கப்படும். முதலாவது இல்லாமல் இரண்டாவதால் பயனில்லை. 14 நாளில் தீர்ப்பு நாள், கடதாசி கொடுக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை சேராது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 754(4) சொல்கிறது. சனி சேரும், கோடு பூட்டிக் கிடந்தாலும் சேரும். 60 நாளுக்கு இந்தக் கழிவு இல்லை. அது தீர்ப்பு நாளிலிருந்து ஓடுகிறது, அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து இல்லை.

தீர்ப்பு 3ஆம் திகதி செவ்வாய்க்கிழமை என்று வையுங்கள். 9ஆம் திகதி திங்கள் போயா. புதன் 4ஆம் திகதி முதலாம் நாள். 8ஆம் 15ஆம் திகதி ஞாயிறுகளையும் போயாவையும் கழித்தால் 14ஆவது நாள் 20ஆம் திகதி வெள்ளி. கடதாசி கொடுக்கும் நாளும் சேராதே, இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்று கணக்குப் பார்க்கிற கெட்டிக்காரர்களுக்கு: 21 சனி, பதிவாளர் கந்தோர் பூட்டு. சுருக்கத்தில் "14 நாட்கள்" என்று எழுதாதீர்கள், "20ஆம் திகதி வெள்ளிக்குள்" என்று திகதியை எழுதுங்கள். அறிவித்தலோடு எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், அவர்களுக்கு அறிவித்தல் கொடுத்ததற்கான சான்றும் போக வேண்டும். 13ஆம் நாள் பின்னேரம் சட்டத்தரணியிடம் ஓடி வந்தால் அவர் என்ன செய்வார்?

அந்த அம்மாவின் மகன் வந்தது நான்காவது கிழமையில். தவறிய காலத்தை மன்னிக்கக் கேட்க 765ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால்தான் தவறியது என்று மேல் நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். சுருக்கத்தில் பிழையாக எழுதிக் கிடந்தது என்று சொல்லி அதைத் தாண்டுவது லேசான காரியமில்லை.

அதே தீர்ப்பை நான் எப்படி எழுதிக் கொடுத்தேன் என்பதைக் கீழே தருகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்தேன். பிறகு வழக்குரையின் இறுதியில் கேட்கப்பட்ட நான்கையும் எதிர்க்கோரிக்கையையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன கிடைத்தது என்று போட்டேன். காரணத்துக்கு எழுவினா விடைகளைத்தான் பார்த்தேன். இடையில் நீதிபதி சாட்சிகளைப் பற்றிச் சொன்ன கடுமையான வரிகளைத் தொடவில்லை, அவை கட்டளை அல்ல.

"இது சுருக்கம் மட்டுமே. தீர்ப்போடு முரண்பட்டால் தீர்ப்பே சரி.

வழக்காளி கேட்ட பிரகடனம், வெளியேற்றம், நட்டஈடு, செலவு எதுவும் கிடைக்கவில்லை. எதிராளி கேட்ட பிரகடனமும் கிடைக்கவில்லை. அவரவர் செலவு அவரவருக்கு.

காரணம்: உறுதியில் உள்ள காணியும் வழக்குக் காணியும் ஒன்றே என்று நிரூபிக்கப்படவில்லை. எதிராளியின் பத்து ஆண்டு ஆட்சியும் நிரூபிக்கப்படவில்லை.

உறுதி பொய்யானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எதிராளி உரிமையாளர் என்றும் சொல்லவில்லை. எல்லையையோ வேலியையோ மாற்ற யாருக்கும் அனுமதி தரவில்லை.

இரு தரப்பும் மேன்முறையீடு செய்யலாம். அறிவித்தலுக்கும் மனுவுக்கும் கடைசித் திகதிகள் தனித்தனியே கீழே உள்ளன."

திகதிகளுக்குக் கீழே வழக்காளிக்கு ஒரு பத்தி, எதிராளிக்கு ஒரு பத்தி. அம்மாவின் பத்தியில், காணியைச் சரியாக அடையாளம் காட்டிப் புதிய வழக்கு வைக்கலாமா என்பதை நான் தீர்த்து எழுதவில்லை. முன்னைய தீர்ப்பு அதற்குத் தடையா என்பது தீர்ப்பின் வாசகத்தில் தங்கியிருக்கிறது, சட்டத்தரணி முழுத் தீர்ப்பையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதினேன். தெளிவாக எழுத வேண்டும் என்பதற்காகத் தெளிவில்லாத ஒன்றைத் தெளிவாக்கிக் காட்டக் கூடாது.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை செய்வேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியிடம் கொடுத்தால் மேல் பகுதிக்கு அவரும் கையொப்பம் வைப்பாரா? இல்லையென்றால் எங்கேயோ நான் என் கட்சிக்காரர் பக்கம் சாய்ந்திருக்கிறேன். மற்றது, கட்சிக்காரரிடமே கேட்பது. "விளங்கிச்சா" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். "நாளைக்கு வேலியைத் தள்ளிப் போடலாமா? இந்தக் காணியை விற்கலாமா? எந்தத் திகதிக்கு முன் என்னட்ட வரணும்?" என்று கேளுங்கள். விடை பிழைத்தால் கடதாசி பிழை.

வழக்காளி வென்ற தீர்ப்புக்கும் ஒரு சொல். வென்ற மறுநாளே பிஸ்கால் வந்து எழுப்புவார் என்று எழுதாதீர்கள். மேன்முறையீட்டுக் காலம் முடியும் வரை நிறைவேற்ற விண்ணப்பத்தை நீதிமன்றம் ஏற்காது. மறுபக்கத்துக்கு, மேன்முறையீடு போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்றும் எழுதாதீர்கள். மேன்முறையீடு போட்டதும் வென்றவர் 763ஆம் பிரிவின் கீழ் நிறைவேற்றக் கேட்கலாம். நிறுத்த வேண்டியவர் பெரிய இழப்பு வரும் என்று காட்டிப் பிணையும் வைக்க வேண்டும்.

கையில் இப்படியொரு அரைப்பக்கக் கடதாசி இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: அதில் வழக்கிலக்கமும் தீர்ப்புத் திகதியும் கடைசித் திகதிகளும் இல்லையென்றால் அதை வைத்து ஒரு கட்டையும் நடாதீர்கள், ஒரு கட்டையும் பிடுங்காதீர்கள். வழக்கிலக்கத்தோடு பதிவாளர் கந்தோருக்குப் போய்த் தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதிக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். பிரதி வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே உங்கள் சட்டத்தரணியிடமும் போங்கள். பிரதி பிந்தினாலும் 14 நாள் நிற்காது.