கிரேப் மாவைக் காத்திருக்க வைப்பது ஏன்: கட்டியும் ரப்பர் தன்மையும்

தோசை போல மெல்லியதான பிரான்சு நாட்டு கிரேப்புக்கான செய்முறைகளில் பெரும்பாலானவை, கரைத்த மாவைச் சிறிது நேரம், பல சமயம் ஒரு மணி நேரம், மூடி வைக்கச் சொல்லியிருக்கும். அமெரிக்க பான்கேக் செய்முறையோ, பத்து நிமிடத்துக்குமேல் தாமதிக்காமல் கல்லில் ஊற்றச் சொல்லும். இரண்டிலும் மைதா, பால், முட்டை, வெண்ணெய் ஆகியவையே அடிப்படைப் பொருள்கள். அப்படியிருக்க, ஒன்றுக்கு அவசியமான காத்திருப்பு மற்றதைக் கெடுத்துவிடுவது ஏன்? இட்லி, தோசை மாவைப் புளிக்க வைக்கும் பழக்கமுள்ள நமக்கு இதுவும் நொதித்தல்தான் என்று தோன்றக்கூடும். ஆனால் கிரேப் மாவில் எதுவும் நொதிப்பதில்லை. இங்கே முதன்மையாக வேலை செய்வது தண்ணீர், அதுவும் மெதுவாக.

மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புரதம். எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்தப் புரதத்தின் முக்கியக் கூறுகளான கிளையடினும் குளூட்டெனினும் நீரை உறிஞ்சி, ஒன்றோடொன்று பிணைந்து, குளூட்டன் என்னும் இழுபடும் வலையை உண்டாக்குகின்றன. மாவுச்சத்து மணிகள் பச்சைத் தண்ணீரில் தங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே நீரை ஏற்கும். ஆயினும் ஆலையில் அரைபடும்போது உடைந்த மணிகள் அதைவிடப் பல மடங்கு உறிஞ்சக்கூடியவை. இந்த உறிஞ்சுதல் ஒரு நொடியில் முடிவதில்லை. மாவுத் துகளின் மேற்பரப்பு உடனே நனைந்தாலும், நீர் உட்பகுதியை அடைய நேரம் பிடிக்கிறது. கரைத்த உடனே தண்ணீராகத் தெரிந்த மாவு ஒரு மணி நேரத்தில் சற்றே கெட்டியாகிவிடுவது இதனால்தான்.

கட்டி தோன்றுவதற்கும் இதே மெதுவான உறிஞ்சுதல்தான் காரணம். மொத்தப் பாலையும் ஒரே வீச்சில் மாவின்மேல் கொட்டினால், மாவு சிறு சிறு குவியல்களாகப் பிரிந்து பாலில் மிதக்கிறது. ஒவ்வொரு குவியலின் வெளிப்பக்கமும் முதலில் நனைந்து, குளூட்டனும் வீங்கிய மாவுச்சத்தும் சேர்ந்த ஒட்டும் உறையாக மாறுகிறது. அந்த உறையே உள்ளே இருக்கும் உலர்ந்த மாவுக்கு நீர் போகாமல் தடுத்துவிடுகிறது. இதன் பிறகு எவ்வளவு வேகமாக அடித்தாலும் பயன் குறைவு. ஏனெனில் நீர்த்த கரைசலில் கட்டிகள் கரண்டிக்கு முன்னால் விலகி ஓடுகின்றனவே தவிர, நசுங்குவதில்லை.

ஆகவே முதலில் மாவோடு முட்டையையும் பாலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சேர்த்து, பசை போன்ற கெட்டியான நிலையில் கலக்க வேண்டும். கெட்டியான கலவையில் கரண்டியின் ஒவ்வொரு அசைவும் மாவை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்ப்பதால், கட்டி ஓடுவதற்கு இடமில்லாமல் உடைகிறது. வழவழப்பான பின், மீதிப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றித் தளர்த்தலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு மிக்ஸியின் உதவியை நாடுவோர் பலர். மிக்ஸி கட்டியை உடைத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் நிறையக் காற்றையும் மாவில் ஏற்றிவிடும்.

எல்லாக் கட்டியும் மாவுக்கட்டி அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்றை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: உள்ளே வெள்ளைப் பொடி தெரிந்தால் அது நனையாத மாவு, வழுக்கி உருகினால் அது வெண்ணெய். குளிர்ந்த பாலில் உருக்கிய வெண்ணெயை ஊற்றும்போது அது உடனே உறைந்து துணுக்குகளாகிவிடுகிறது. இதை அடித்துக் கரைக்க முயல்வது வீண். பாலை வெதுவெதுப்பாக எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

ரப்பர் தன்மைக்கு வருவோம். மாவை அடிக்க அடிக்க, குளூட்டன் இழைகள் நீண்டு, வரிசையாகி, இறுகுகின்றன. அந்த இறுக்கத்தோடு கல்லில் ஊற்றினால், பரப்பிய கிரேப் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். வெந்தபின் கடிக்கும்போது பல்லுக்கு எதிர்த்து நிற்கும். முறுக்கிவிட்ட கயிற்றைக் கீழே போட்டால் அது தானாகச் சற்றுப் பிரிவதைப் போல, அடிப்பதை நிறுத்திய மாவிலும் இழைகளுக்கு இடையிலான வலுக்குறைந்த பிணைப்புகள் விடுபட்டு, தளர்ந்த நிலையில் மறுபடி இணைகின்றன. வலை மறைந்துவிடுவதில்லை, அதில் தேங்கிய இழுவிசைதான் குறைகிறது. அதே நேரத்தில், அடித்தபோது புகுந்த காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடைகின்றன. அவை தங்கிவிட்டால் மெல்லிய கிரேப்பில் ஓட்டைகளாகத் தெரியும்.

ஒரு சாதாரண அளவை எடுத்துக்கொள்வோம்: 250 கிராம் மைதா, 3 முட்டை, 500 மில்லி வெதுவெதுப்பான பால், 50 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. மேற்சொன்ன முறையில் கரைத்து, மூடி, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்கலாம்; நம் ஊர் வெயிலில், பச்சை முட்டை இருப்பதால், குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைப்பதே நல்லது. எடுக்கும்போது நனைந்த மாவுச்சத்து அடியில் படிந்திருக்கும். அதை மீண்டும் வேகமாக அடித்தால் காத்திருந்த பலன் போய்விடும் என்பதால், அடியிலிருந்து மெல்லக் கிளறிவிட்டு, பாலேட்டை விடக் கெட்டியாக இருந்தால் ஒன்றிரண்டு கரண்டி பால் சேர்த்துத் தளர்த்த வேண்டும்.

பான்கேக்கில் கணக்கு மாறுவதற்குக் காரணம் பேக்கிங் பவுடர். அதில் ஒரு பகுதி ஈரம் பட்டதுமே வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடத் தொடங்குகிறது. மற்றொரு பகுதி கல்லின் சூட்டுக்காகக் காத்திருக்கிறது. மோரும் சமையல் சோடாவும் சேர்க்கும் செய்முறையில் இந்த இரண்டாம் பகுதியே கிடையாது. கலந்த நொடியிலிருந்தே வாயு வெளியேறத் தொடங்கிவிடும். கிரேப்பில் குமிழ் தொலைவது நன்மை என்றால், பான்கேக்கில் அது தட்டையான, கனத்த அடையைத் தரும். ஆகவே இங்கே அடிப்பதைக் குறைப்பதுதான் வழி: பத்துப் பதினைந்து சுற்று கிளறி, மிளகளவுக் கட்டிகள் மிஞ்சினாலும் விட்டுவிட வேண்டும். பான்கேக் தடிமனானது, ஐந்து முதல் பத்து நிமிடக் காத்திருப்பிலும் பின்பு வேகும்போது எழும் நீராவியிலும் அந்தச் சிறு கட்டிகள் நனைந்து கரைந்துவிடும். மெல்லிய கிரேப்பில் அதே கட்டி பொடியாகவே நின்றுவிடும். அதிகம் அடித்த பான்கேக்கைப் பிய்த்துப் பார்த்தால், பஞ்சு போன்ற சிறு துளைகளுக்குப் பதிலாக, மேல்நோக்கி நீண்ட குழாய் போன்ற துளைகள் தெரியும்.

காத்திருப்பின் பலன் முழுவதையும் குளூட்டன் கணக்கிலேயே எழுதிவிட முடியாது என்பதற்கு பிரான்சின் பிரிட்டனி பகுதியில் செய்யப்படும் கலெட் என்னும் கிரேப் வகை சான்று. அது பக்வீட் மாவில் செய்யப்படுவது. பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமை இனமே அல்ல, அதில் குளூட்டனும் இல்லை. அங்குள்ளவர்கள் அந்த மாவைக் கையால் பலமாக அடித்துக் கரைக்கிறார்கள். இறுகுவதற்கு வலை இல்லாததால் அது ரப்பராவதில்லை. அப்படியும் சில மணி நேரம் வைத்த பிறகே ஊற்றுகிறார்கள், ஏனெனில் அந்த மாவும் நீரை நிதானமாகத்தான் ஏற்கிறது.

சரியாகக் கரைத்து, போதிய நேரம் வைத்த மைதா கிரேப்பும் ரப்பராக வந்தால், குறையைக் கல்லில் தேட வேண்டும். சூடு போதாத கல்லில் அது நிறம் மாறுவதற்குள் பல நிமிடம் கிடந்து ஈரத்தை இழக்கிறது, முட்டைப் புரதமும் அளவுக்கு மீறி இறுகிவிடுகிறது. ஒரு பக்கம் வேக ஒரு நிமிடத்துக்குமேல் ஆகிறதென்றால் தீயைக் கூட்ட வேண்டும். அதன் பிறகும் இறுகினால் அடுத்த முறை ஒரு முட்டையைக் குறைத்துப் பார்க்கலாம்.