அரத்தைக் கீழே வையுங்கள், குழலில் குறையில்லை

மறுபடியும் ஒரு மூங்கில் குழல் பழுதுபார்க்க வந்திருக்கிறது. மேலிருந்து மூன்றாவது துளை வட்டமாக இல்லை, ஊதுதுளைப் பக்கமாக அரத்தால் ராவி நீட்டப்பட்டிருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டோடு சேர்ந்து ஊத ஆரம்பித்த பிறகு இப்படி வரும் குழல்கள் கூடிக்கொண்டே போகின்றன. சொல்லும் காரணமும் மாறுவதில்லை: "சுருதி சேரல, அதான் துளையைக் கொஞ்சம் பெருசாக்கினோம்."

சுருதி சேராததற்குக் காரணம் துளை அல்ல. வெஸ்டர்ன் ஃபுளூட்டுக்கான விரல் அட்டவணையை மூங்கில் குழலில் வைத்து ஊதியதுதான் காரணம். இந்தக் குழலையே எடுத்துக்கொள்வோம். இது 5 கட்டைச் சுருதிக் குழல். கர்நாடக முறையில் மேலிருந்து இரண்டு துளைகளை அடைத்தால் சட்ஜம், 5 கட்டையில் அது ஜி. ஒன்றை அடைத்தால் சதுஸ்ருதி ரிஷபம், எல்லாம் திறந்தால் அந்தர காந்தாரம். வெஸ்டர்ன் ஃபுளூட்டில் அதே இரண்டு விரல்களோடு இடது கட்டைவிரலும் வலது சுண்டுவிரலும் சேர்ந்தால் ஏ. பையன் அட்டவணையைப் பார்த்து ஏ என்று நினைத்து ஊதுகிறான், வருவது ஜி. முழுதாக ஒரு ஸ்வரம் கீழே. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை -2 என்று வைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அரம் போட்டதில் என்ன ஆயிற்று? இரண்டு துளை அடைத்து ஊதும்போது திறந்திருப்பது மூன்றாவது துளை. அதை மேல்நோக்கி நீட்டினால் சட்ஜம் உயரும், ஆனால் ஏ வரை போகாது. இடையில் எங்கோ நிற்கும். மூன்று துளை அடைத்தால் வரும் நிஷாதம் பழைய இடத்திலேயே இருக்கும். ஆக, சட்ஜத்துக்கும் நிஷாதத்துக்கும் இடைவெளி அகன்று, ரிஷபத்தோடு இடைவெளி குறுகிவிடும். இனி எந்தச் சுருதிக்கும் இந்தக் குழல் சேராது. நீட்டிய பக்கத்தில் தேன்மெழுகு வைத்து ஸ்வரத்தை இறக்கலாம்; நம் ஊர் வெயிலுக்கும் விரல் வியர்வைக்கும் மெழுகு இளகிவிடும் என்பதால் அளவு தெரிந்ததும் மூங்கில் தூளும் பசையும் வைத்து நிரப்ப வேண்டும். நிரப்பினாலும் அந்த விளிம்பில் விரல் பழையபடி உட்காருவதில்லை.

6 கட்டைக் குழல் வாங்கினால் அட்டவணை பொருந்துமா என்று கேட்கிறார்கள். இரண்டு, ஒன்று, ஒன்றுமில்லை என்ற மூன்று நிலைகளில் பொருந்தும்: ஏ, பி, சி ஷார்ப். நான்காவது விரலில் மாட்டிக்கொள்வீர்கள். மூங்கிலில் நான்கு துளை அடைத்தால் எஃப் ஷார்ப், அதாவது சதுஸ்ருதி தைவதம். வெஸ்டர்னில் வலது ஆட்காட்டி விரலை வைத்தால் வெறும் எஃப்; ஷார்ப்புக்கு மோதிர விரல் வேண்டும். அரை ஸ்வரங்களுக்கு அங்கே தனித்தனிச் சாவிகள் உண்டு. இங்கே சுத்த ரிஷபம் வேண்டுமென்றால் இரண்டாவது துளையைப் பாதி மூட வேண்டும். துளை மேல் நேரே விரல் இருப்பதால்தான் மூங்கிலில் கமகம் வழுக்கிக்கொண்டு வருகிறது. மூடிகள் வழியே மூடும் ஃபுளூட்டில் அந்த வழுக்கலைக் கேட்டுப் பிள்ளையைத் திட்டாதீர்கள், அந்தக் கருவியில் அது அவ்வளவு எளிதில் வராது.

மூச்சும் வேறு. ஃபுளூட்டில் உதடு படுவதற்கென்றே ஒரு தகடு உண்டு, காற்று மோதும் விளிம்பு அந்தத் தகட்டில், குழாயைவிட உயர்ந்து நிற்கிறது. மூங்கிலில் உதடு குழாய் மேலேயே படுகிறது, விளிம்பின் உயரம் மூங்கிலின் கனம்தான். ஒன்றில் பழகியவர் மற்றதை எடுத்ததும் சத்தம் வராமல் பலமாக ஊதுகிறார். உடனே ஸ்வரம் ஏறுகிறது, அல்லது மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. கன்னம் உப்பி இரைச்சல் மட்டும் வந்தால் அதுதான் அடையாளம். காற்றைக் கூட்டாதீர்கள். உதட்டு இடைவெளியைச் சிறிதாக்கி, குழலைக் கொஞ்சம் உருட்டி விளிம்பைத் தேடுங்கள். நாதமும் ஒன்றாக இருக்காது. ஃபுளூட்டின் பெரிய துளைகள் எல்லா ஸ்வரங்களையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் தருகின்றன. மூங்கிலில் பாதி மூடிய ஸ்வரம் சற்று மங்கலாகத்தான் ஒலிக்கும். அதைக் குறை என்று நினைத்தும் துளையைத் தொடாதீர்கள்.

வாங்கும்போது இதை மட்டும் செய்யுங்கள், தயவுசெய்து. மேலே இரண்டு துளை அடைத்து நிதானமாக ஊதி, போனில் டியூனர் என்ன எழுத்துக் காட்டுகிறது என்று பாருங்கள். அதுதான் கர்நாடக சட்ஜம். ஆன்லைனில் வரும் ஹிந்துஸ்தானிக் குழல்களில் மூன்று துளை அடைத்தால் வருவதைத்தான் சட்ஜமாக எழுதியிருப்பார்கள். அங்கே எஃப் என்று போட்டிருப்பது நமக்கு ஜி. ஊதத் தொடங்குமுன் குழலைக் கையிலும் மூச்சிலும் சூடாக்குங்கள். குழலுக்குள் காற்று 10 டிகிரி குளிர்ந்திருந்தால் சுருதி கிட்டத்தட்ட 30 சென்ட் இறங்கும், அதாவது அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஃபுளூட் என்றால் தலைப்பகுதியை இழுத்தும் உள்ளே தள்ளியும் சரிசெய்யலாம். மூங்கிலுக்கு அந்த வசதி இல்லை. உதட்டுக் கோணத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், மிச்சத்தைக் கீபோர்டின் டியூனிங்கில் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஃபுளூட் வைத்திருப்பவர்களுக்கு: கடற்காற்றில் எஃகு ஸ்பிரிங் துருப்பிடிக்கும், ஈரத்தில் மூடிக்கு அடியில் இருக்கும் பேட் ஊறி ஒட்டும். ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்துப் பெட்டியில் மூடி வையுங்கள். ஒட்டினால் பேடுக்கு அடியில் மெல்லிய தாளை வைத்து ஈரத்தை உறிஞ்சவிடுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.