இறப்புப் படிவத்தில் ‘இயற்கை மரணம்’ என்று மட்டும் எழுதினால் எதை இழக்கிறோம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் குடும்ப மருத்துவராக இருக்கும் எனக்கு விடியற்காலையில் தொலைபேசி வந்தால், பெரும்பாலும் எங்கோ ஒரு வீட்டில் உயிர் பிரிந்திருக்கிறது என்றுதான் பொருள். அண்மையில் அப்படிப் போன ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இறந்தவர் 67 வயதுப் பெண்மணி. இடது காலில் கட்டு, தலைமாட்டில் ஐஸ்கிரீம் டப்பா நிறைய மாத்திரைகள். மதியத்துக்குள் தகனம் முடிய வேண்டும் என்பது குடும்பத்தின் கவலை. அடக்க ஆணை இல்லாமல் தகனம் செய்ய முடியாது. இறப்பை அறிவிக்கும் DHA-1663 படிவத்தில் நான் கையெழுத்திட்டு, ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் அதை ஹோம் அஃபேர்ஸ் அலுவலகத்தில் கொடுத்தால்தான் அந்த ஆணை கிடைக்கும். “டாக்டர் ஐயா, இயற்கை மரணம்னு எழுதிக் கொடுத்திடுங்க, அது போதும்” என்றார் மூத்த மகன்.

அவர் அப்படிக் கேட்டதில் தவறில்லை. குடும்பத்தின் கைக்கு வரும் இறப்புச் சான்றிதழில் இயற்கை மரணமா, இயற்கைக்கு மாறானதா என்பது மட்டுமே இருக்கும். ஆனால் மருத்துவர் நிரப்பும் படிவத்தில் நோயின் காரணத்தை எழுதத் தனிப் பக்கம் உண்டு. அது மூடி ஒட்டப்பட்டு, தேசியப் புள்ளிவிவரத் துறைக்குப் போகிறது; அங்கே ஒவ்வொரு காரணத்துக்கும் சர்வதேச நோய்ப் பட்டியலின்படி குறியீடு இடுகிறார்கள். அந்தப் பக்கத்திலும் ‘இயற்கை மரணம்’ என்றே எழுதினால் அது R99 என்ற, காரணம் விளங்காத இறப்புகளின் குவியலில் போய்ச் சேரும். தொழிலைத் தொடங்கிய காலத்தில், அழுகிற குடும்பத்தின் முன்னால் அவசரப்பட்டு நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்தப் பக்கத்தில் காரணங்களை மேலிருந்து கீழாகச் சங்கிலிபோல எழுத வேண்டும். அன்று முதல் வரியில், உயிரைப் பறித்த இரத்த நச்சேற்றம், 3 நாள் என்று எழுதினேன். அடுத்த வரியில், அதற்குக் காரணமான இடது பாத அழுகல், 3 வாரம். அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் வேரான இரண்டாம் வகை நீரிழிவு. இரத்த அழுத்தம் இந்தச் சங்கிலியில் சேராது, ஆனாலும் உடலை வலுவிழக்கச் செய்தது. ஆகவே அதைத் தனிப் பகுதியில் குறித்தேன். நாட்டின் கணக்கில் பொதுவாக ஏறுவது சங்கிலியின் அடிவரிதான். ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதினால் எந்த இறப்புக்கும் பொருந்தும், எதையும் சொல்லாது. ‘நீரிழிவு’ என்று மட்டும் எழுதினால் வகை தெரியாத நீரிழிவு என்ற E14 குறியீடுதான். வகையையும் சேர்த்து எழுதினால்தான் இரண்டாம் வகைக்குரிய E11.

2016ஆம் ஆண்டின் இறப்புக் கணக்கில் தென்னாப்பிரிக்காவில் காசநோய்க்கு அடுத்த இடத்தில் நீரிழிவு நின்றது. இத்தகைய படிவங்களைக் கூட்டித்தான் அந்தக் கணக்கு வருகிறது. ஒரு வட்டாரத்தில் பாதப் புண் கவனிப்புக்கு எத்தனை செவிலியர் தேவை, சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு எத்தனை இடங்கள் தேவை என்று கணக்கிடுகிறவர் நம் தெருவுக்கு வந்து பார்ப்பதில்லை, இந்த வரிகளைத்தான் பார்க்கிறார். ஓர் ஊரில் நீரிழிவு இறப்பு குறைவாகவும், காரணம் விளங்காதவை பக்கத்து ஊரைவிட மிக அதிகமாகவும் இருந்தால், அங்கே நோய் குறைவு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. முதலில் படிவங்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு எல்லையும் உண்டு. நீரிழிவு உள்ளவரே ஆனாலும், தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அதனால் இறந்தால் அது இயற்கை மரணம் ஆகாது. நான் சான்று தரக்கூடாது, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பத்துக்கு அது வேதனைதான், ஆயினும் வேறு வழியில்லை.

பிறந்து சில மணி நேரமே மூச்சுவிட்ட குழந்தையின் கணக்கும் இப்படியே நழுவுகிறது. குழந்தையே போன பிறகு பிறப்பைப் பதிவது எதற்கு என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். 26 வாரக் கருவளர்ச்சிக்குப் பின் உயிரின் அறிகுறியே இன்றிப் பிறந்தால்தான் சட்டப்படி அது இறந்து பிறந்த குழந்தை. ஒருமுறை மூச்சுவிட்டிருந்தாலும் பிறப்பையும் இறப்பையும் தனித்தனியே பதிய வேண்டும். பிறப்புக்குக் கெடு 30 நாள். இரண்டும் விடுபட்டால், பிரசவ அறையில் என்ன குறை என்று கேட்கவே ஆதாரம் இருக்காது.

அன்று அந்த வீட்டில் எனக்கு ஒன்றுதான் தெரியாமல் இருந்தது: நீரிழிவு எத்தனை ஆண்டாக? பழைய கிளினிக் அட்டை கிடைக்கவில்லை. மகன் தயங்கினார். சுவரோரம் நின்ற பேரன், “நான் கிளாஸ் ஒண்ணுல சேர்ந்த வருஷந்தான் ஆயா பாயசம் சாப்பிடறத நிறுத்தினாங்க” என்றான். அவனுக்கு இப்போது 24 வயது. நீரிழிவு என்ற வரிக்கு எதிரே, சுமார் 18 ஆண்டு என்று எழுதிப் பக்கத்தை மூடி ஒட்டினேன்.