‘அரசு அங்கீகாரம்’ என்று எழுதியதால் வந்த வினை

திருச்சிப் புறநகரில் மனை விற்கும் ஒரு புரமோட்டருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் போட்டால் எடுபடுமா, இங்கிலீஷிலா, இரண்டும் கலந்தா என்று அவருக்கு ஒரே சந்தேகம். போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அவர் ஆள் வைத்து முன்பே ஒருமுறை பார்த்திருந்தார். மூன்று விளம்பரங்களையும் ஒரே ஆட் செட்டுக்குள், அதாவது ஒரே பட்ஜெட்டைப் பங்கிட்டுக்கொள்ளும்படி போட்டிருந்தார்கள். இரண்டாம் நாளே பணத்தில் பெரும்பங்கு தமிழ் விளம்பரத்துக்குப் போய்விட்டது. மற்ற இரண்டையும் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரே ஆட் செட்டில் இருந்தால், முதலில் நாலு கிளிக் வாங்கியதன் பக்கமே மெட்டா பணத்தைத் தள்ளும். விற்பனைக்கு அது நல்லது, ஒப்பீட்டுக்கு ஆகாது. இந்த முறை ஏ/பி டெஸ்ட் வசதியில் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தேன். ஒருவருக்கு ஒரு விளம்பரம்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் 14 நாளுக்கு 21,000 ரூபாய். படம், விலை, ஆர்வமுள்ளவர் பெயரும் நம்பரும் கொடுக்கும் லீட் ஃபார்ம் எல்லாம் ஒன்றே. அப்படி நம்பர் கொடுத்தவர்தான் ஒரு லீட். மொழி டார்கெட்டிங்கை மட்டும் காலியாக விட்டேன். அங்கே ‘தமிழ்’ என்று கொடுத்தால், வீட்டில் தமிழ் பேசினாலும் போனை இங்கிலீஷில் வைத்திருக்கும் பலர் விடுபட்டுப்போவார்கள்.

இங்கிலீஷ் விளம்பரத்தின் தலைப்பு ‘டிடிசிபி அப்ரூவ்டு பிளாட்ஸ் இன் திருச்சி’. டிடிசிபி என்பது மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அரசுத் துறை. கலப்பு விளம்பரத்தில் வாக்கியம் தமிழ்; டிடிசிபி, பிளாட், லோன் ஆகிய சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில். தமிழ் விளம்பரத்தில் ‘திருச்சியில் அரசு அங்கீகாரம் பெற்ற வீட்டுமனைகள்’ என்று நானே எழுதினேன். நல்ல தமிழ் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

14 நாள் கழித்துப் பார்த்தால் தமிழில் 140 லீட், கலப்பில் 120, இங்கிலீஷில் 84. (எண்களைச் சற்று ரவுண்டாக்கியிருக்கிறேன்.) ஒரு லீட்டின் விலை முறையே 150, 175, 250 ரூபாய். புரமோட்டர் அன்று மாலையே போன் செய்து, “தமிழையே ஓட்டிடுங்க சார்” என்றார்.

இதில் எந்த வித்தியாசம் நிஜம், எது தற்செயல்? செலவு சமமாக இருந்தால் இதற்குக் கால்குலேட்டரே போதும். இரண்டு எண்களையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதை இரண்டால் பெருக்குங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் பேசலாம். தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து 224; வர்க்கமூலம் சுமார் 15; இரட்டிப்பு 30. இடைவெளி 56. ஆகவே அது நிஜம். தமிழும் கலப்பும் சேர்ந்து 260. அதே கணக்கில் 32 வருகிறது. இடைவெளி வெறும் 20. அதாவது தமிழ் கலப்பை வென்றது என்று சொல்ல வழியில்லை.

சரி, லீட் வந்தால் மனை விற்றுவிடுமா? மனை இருக்கும் சைட்டை நேரில் பார்க்க வந்தவர்களை எண்ணினேன். தமிழில் 7 பேர், இங்கிலீஷில் 7, கலப்பில் 12. இப்போது புரமோட்டர் கலப்புக்குத் தாவினார். ஆனால் 12, 7 போன்ற சின்ன எண்களுக்கு மேலே சொன்ன கணக்கு இடமே தராது: 19-க்கு எல்லை கிட்டத்தட்ட 9, இடைவெளி 5. சைட் விசிட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் மாதக்கணக்கில் பணம் கொட்ட வேண்டும். அதனால் நடுவில் ஒரு படியைப் பிடித்தோம். போனில் பேசும்போது விலையைக் கேட்ட பிறகும், இடம் எங்கே என்று தெரிந்த பிறகும் “மேலே சொல்லுங்க” என்றவர்களை மட்டும் தேறிய லீட் என்று எண்ணுவது. எந்த விளம்பரத்தில் வந்த நம்பர் என்பதை ஷீட்டில் டெலிகாலருக்குத் தெரியாமல் மறைத்துவிட்டேன். தெரிந்தால் “இங்கிலீஷ் லீட், வசதியான பார்ட்டி” என்று இரண்டு முறை கூடுதலாகக் கூப்பிடுவார்கள்.

தேறியவர்கள் தமிழில் 38, இங்கிலீஷில் 40, கலப்பில் 66. 140 லீட்டில் 38தான் தேறியது என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அழைப்புப் பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து அழைப்புக்குள்ளேயே பிடிபட்டுவிட்டது. ஒரு அம்மா கேட்கிறார்: “கவர்மெண்ட்ல குடுக்குற இடம்தானே தம்பி? பட்டா எப்போ தருவாங்க?” இன்னொருவர் ரேஷன் கார்டு நகல் போதுமா என்கிறார். இலவச வீட்டுமனைப் பட்டா பல காலமாக இருக்கிற ஊரில் ‘அரசு’, ‘வீட்டுமனை’ என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்தால் வேறு என்ன தோன்றும்? ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்பதற்கு நான் எழுதியது அகராதிப்படி சரி. மனை வாங்கப் போகிறவர் வாயில் வரும் சொல் டிடிசிபிதான்; படிக்காதவரும் அதைத்தான் சொல்வார். ஆக, நான் சோதித்தது மொழியையே அல்ல. தமிழில் ஒரு பொருளையும் மற்ற இரண்டில் வேறொரு பொருளையும் விற்றிருக்கிறேன்.

அடுத்த சுற்றில் தமிழ் விளம்பரத்தில் ‘டிடிசிபி அங்கீகாரம் பெற்ற மனைகள்’ என்று முழுக்கத் தமிழ் எழுத்திலேயே மாற்றினேன். விலையையும் மேல் வரிக்குக் கொண்டுவந்தேன், மூன்றிலும்தான். தமிழில் லீட் 105-ஆகக் குறைந்தது, தேறியவர்கள் 58 ஆனார்கள். கலப்பில் 64. இடைவெளி 6, எல்லை 22. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டோம். இங்கிலீஷ் 37-இல் நின்றது. அது கலப்பைவிடப் பின்தங்கியது மட்டும் இரண்டு சுற்றிலும் நிஜம்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. ஏ/பி டெஸ்டில் ஆட்களைச் சமமாகப் பிரித்தாலும், அந்தந்தப் பங்குக்குள் யாருக்குக் காட்டுவது என்பதை மெட்டாதான் தீர்மானிக்கிறது. வயது, பிளேஸ்மெண்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, தமிழ் விளம்பரம் பெரும்பாலும் ஃபேஸ்புக் ஃபீடில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் போயிருந்தது. இங்கிலீஷ் இன்ஸ்டாகிராமில் 30-ஐ ஒட்டியவர்களிடம் சுற்றியது. முப்பது வயதுக்காரர் இங்கிலீஷ் என்பதால்தான் மனை வாங்காமல் போனார் என்று சொல்ல முடியாது, முப்பது வயது என்பதால்கூடப் போயிருக்கலாம். 35 முதல் 54 வரை, ஃபேஸ்புக் ஃபீடு மட்டும் என்று சுருக்கியபோது இங்கிலீஷின் பின்னடைவு பாதியாகக் குறைந்தது. அந்தச் சின்ன எண்களுக்கு மேலே சொன்ன கணக்கு இடம் தராது என்பதையும் சேர்த்தே புரமோட்டரிடம் சொன்னேன். ரிப்போர்ட்டில் ‘தமிழ் வென்றது’ என்று எழுதாமல், ‘இந்த விளம்பரமும் அதற்கு மெட்டா தேடிக்கொடுத்த ஆட்களும் சேர்ந்து இவ்வளவு தந்தன’ என்று எழுதினேன். அவருக்கு அந்த வரி பிடிக்கவில்லை.

டிசைனிலும் ஒரு சிறிய குளறுபடி. ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி மனை விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். தமிழ் வரி நீளம் என்பதால் டிசைனர் எல்லாவற்றையும் ஒரு சைஸ் குறைத்திருந்தார். போனில் பார்த்தால் விலை படிக்கவே முடியவில்லை. இரண்டாம் சுற்றில் விலையை மேலே ஏற்றியது இதற்காகத்தான். அதில் எவ்வளவு பலன் சொல்லுக்கு, எவ்வளவு எழுத்து அளவுக்கு என்று இப்போது பிரிக்க முடியாது. ஒன்றை மாற்றிவிட்டு அப்புறம் மற்றதை மாற்றியிருக்க வேண்டும். புரமோட்டர் அவசரப்படுத்தினார், நானும் விட்டுவிட்டேன்.

இப்போது தமிழும் கலப்பும் பாதிப் பாதி ஓடுகின்றன. இங்கிலீஷ் விளம்பரத்தைச் சின்ன பட்ஜெட்டில் சென்னை, பெங்களூரு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறோம், அங்கே இருக்கும் திருச்சிக்காரர்களுக்காக. அதன் ஷீட்டிலும் விளம்பரப் பெயரை மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.