ரூட் கெனால்: வேர்க்குழல்

பல் மருத்துவமனை எழுதிக்கொடுத்த செலவுச் சீட்டைப் படமெடுத்து சித்தி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். "46 ஆர்.சி.டி." என்று ஒரு வரி. உடனே போன். "மொத்தமே முப்பத்திரண்டு பல்தானேப்பா, நாற்பத்தாறாவது எங்கிருந்து வந்தது?"

அது நாற்பத்தாறு இல்லை, நான்கு-ஆறு. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, வலது மேலே 1, இடது மேலே 2, இடது கீழே 3, வலது கீழே 4 என்று எண் கொடுக்கிறார்கள். அப்புறம் நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி ஒன்று முதல் எட்டு வரை பல்லை எண்ணுகிறார்கள். ஆக, 46 என்பது வலது கீழ் முதல் கடைவாய்ப்பல். வரைபடத்தில் அது தாளின் இடப்பக்கம் இருக்கும். மருத்துவர் எதிரே நின்று பார்க்கிற மாதிரி வரைந்திருப்பதால்தான் அப்படி.

ஆர்.சி.டி. என்பது ரூட் கெனால் ட்ரீட்மெண்ட். "ரூட் கெனால் பண்ணணும்" என்று நாம் சொல்லிப் பழகியதால் அதை ஒரு சிகிச்சையின் பெயராகவே நினைக்கிறோம். உண்மையில் அது எல்லாப் பல்லின் வேருக்குள்ளும் இருக்கிற ஓர் இடத்தின் பெயர். நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகிற மெல்லிய குழல் அது. கெனால் என்ற சொல் லத்தீன் 'கனாலிஸ்' வழியாக வந்தது. அதற்கு மூலம் 'கன்னா', அதாவது நாணல். உள்ளே பொள்ளலான தண்டு. அதனால் 'வேர்க்கால்வாய்' என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கால்வாய் என்றால் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற திறந்த வெட்டுதான் கண்ணில் வரும். நாணலுக்கும் மூங்கிலுக்கும் நம்மிடம் இருக்கிற சொல் குழல். வேர்க்குழல் சிகிச்சை என்றால் பொருள் சரியாக உட்காருகிறது, வேரையே பிடுங்கிவிடுவார்களோ என்ற பயமும் வராது.

பல்லின் மேற்புறத்தைத் துளைத்து, உள்ளே அழுகிய கூழை எடுத்து, முடி போன்ற ஊசி அரங்களால் குழலைச் சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சா என்ற மரப்பிசினால் அடைக்கிறார்கள். அந்தப் பெயர் மலாய் மொழியிலிருந்து வந்தது. 'கெத்தா' என்றால் பிசின்.

46-க்குப் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று குழல். சிலருக்கு நான்கு. மேல் முன்பல்லுக்குப் பொதுவாக ஒன்றே ஒன்று. அதனால்தான் ஒரே சிகிச்சைக்கு முன்பல்லில் ஒரு தொகை, கடைவாயில் அதைவிடக் கூடுதல் தொகை. நான்காவது குழல் கண்ணில் படாமல் போனால் கிருமி அதற்குள் தங்கி, பிறகு கடிக்கும்போது வலியோ ஈறில் சீழ்க்கொப்புளமோ வரலாம்.

சித்தி அனுப்பிய படத்தில் தாளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. முழுதாக எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இன்னொரு வரி: "46 கிரவுன்". நாம் கேப் என்கிறோமே, அந்தப் பல் உறை. சிகிச்சைக்காகக் குடைந்த கடைவாய்ப்பல் மெல்லும்போது பிளந்துவிடாமல் இருக்க அது வேண்டும். "ஒரே பல்லுக்கு ரெண்டு தடவை பில்லா?" என்று கேட்டார். பல் ஒன்றுதான் சித்தி, வேலை இரண்டு.