மூவரை விலக்கி உட்கார வைத்தால் கழித்தல் ஏன் கைவிடுகிறது?

ஒரே வரிசையில் ஐந்து நாற்காலிகள். அமுதன், பாரி, கயல், மலர், செழியன் ஆகிய ஐவர் அமர வேண்டும். நிபந்தனை எதுவும் இல்லையென்றால் முதல் நாற்காலியில் ஐவரில் யாரும் அமரலாம், அடுத்ததில் மீதி நால்வரில் ஒருவர், அதற்கடுத்ததில் மூவரில் ஒருவர். இப்படியே போனால் 5 × 4 × 3 × 2 × 1 = 120 வரிசைகள்.

அமுதனும் பாரியும் அருகருகேதான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருவரையும் ஒரே ஆளாகக் கருதிவிடலாம். இப்போது வரிசையில் நிற்பவை நான்கு உருப்படிகள்தான்; அவற்றை 4 × 3 × 2 × 1 = 24 விதமாக அடுக்கலாம். ஒவ்வொரு அடுக்கிலும் அமுதன் பாரிக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கலாம் என்பதால் 24 × 2 = 48. தேர்வுத்தாளில் பலர் மதிப்பெண் இழப்பது அந்த இரண்டால் பெருக்க மறந்துதான். ஐயம் வந்தால் ஆட்களைக் குறைத்துப் பாருங்கள். அமுதன், பாரி, கயல் மூவர் மட்டும் என்றால் மொத்தம் ஆறு வரிசைகள். அவற்றில் அபக, பஅக, கஅப, கபஅ ஆகிய நான்கில் அமுதனும் பாரியும் ஒட்டியிருக்கிறார்கள். அகப, பகஅ இரண்டில் கயல் நடுவே வந்துவிடுகிறார். இரண்டு உருப்படிகளை அடுக்கும் வழி 2, உள்ளே இடமாற்றம் 2, பெருக்கினால் 4. கணக்கு பொருந்துகிறது.

இருவரும் விலகி இருக்க வேண்டும் என்றால் விடை உடனே வந்துவிடும்: 120 − 48 = 72. அருகில் இருப்பதும் இல்லாததும் தவிர மூன்றாவது நிலை கிடையாது என்பதால் இந்தக் கழித்தல் சரி. ஆனால் இதே 72-ஐ வேறொரு வழியிலும் அடையலாம். எனக்குப் பிடித்தது அந்த வழிதான். அமுதனையும் பாரியையும் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மற்ற மூவரை முதலில் நிறுத்துங்கள்:

```
_ கயல் _ மலர் _ செழியன் _
```

மூவரை 6 விதமாக நிறுத்தலாம். அவர்களுக்கு நடுவிலும் இரு ஓரங்களிலுமாக நான்கு இடைவெளிகள் இருக்கின்றன. ஓர் இடைவெளிக்கு ஒருவர்தான் என்று விதித்துவிட்டால், அமுதனும் பாரியும் ஒட்டிக்கொள்ள வழியே இல்லை. அமுதனுக்கு 4 இடைவெளிகள், பாரிக்கு மீதி 3. ஆக 6 × 4 × 3 = 72. ஓரத்து இடைவெளிகளை விட்டுவிட்டு எண்ணினால் 12 தான் வரும். கழித்தலோடு ஒப்பிட்டால் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

கழித்தல் இவ்வளவு எளிதாக இருக்கும்போது இடைவெளி எதற்கு? மூன்று பேர் வரும்போது அது புரியும். அமுதன், பாரி, கயல் மூவரில் எந்த இருவரும் அருகருகே இருக்கக் கூடாது என்போம். பழக்கத்தில் மூவரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடத் தோன்றும். சேர்ந்த மூவர், மலர், செழியன் என மூன்று உருப்படிகள்: 6 விதம். உள்ளே மூவரும் இடம் மாற 6 விதம். மொத்தம் 36. கழித்தால் 84.

இந்த 84 தவறு. அமுதன், பாரி, மலர், கயல், செழியன் என்ற வரிசையைப் பாருங்கள். மூவரும் ஒன்றாக இல்லை. அதனால் 84-க்குள் அது வந்துவிட்டது. ஆனால் அமுதனும் பாரியும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘மூவரும் சேர்ந்து’ என்பதற்கும் ‘யாரும் சேராமல்’ என்பதற்கும் நடுவே, இருவர் மட்டும் சேர்ந்திருக்கும் வரிசைகள் கிடக்கின்றன. கழித்தல் அவற்றைத் தொடவே இல்லை.

இடைவெளி முறையில் போனால் மலரையும் செழியனையும் 2 விதமாக நிறுத்தலாம். மூன்று இடைவெளிகள், மூன்று பேர்: 3 × 2 × 1 = 6. விடை 12. நாற்காலிகளைப் பார்த்தாலே இது சரி என்று தெரியும்: ஐந்து நாற்காலிகளில் மூவர் ஒட்டாமல் அமர 1, 3, 5 ஆகிய இடங்களைத் தவிர வேறு வழி இல்லை. நடுவே விடுபட்ட வரிசைகள் 84 − 12 = 72. அதாவது 84-இல் பெரும்பகுதி தவறான வரிசைகள்.

நால்வர் ஒட்டக் கூடாது என்றால், நிற்பவர் ஒருவர், இடைவெளி இரண்டு. இரண்டு இடைவெளிகளில் நால்வரை ஓர் இடத்துக்கு ஒருவராக நிறுத்த முடியாது, விடை பூச்சியம்.

இடைவெளி முறை திணறும் இடமும் உண்டு. அமுதனும் பாரியும் விலக வேண்டும், கயலும் மலரும் விலக வேண்டும், ஆனால் அமுதன் கயலுக்கு அருகில் இருக்கலாம் என்றால், யாரை முதலில் வெளியே நிறுத்துவது? இங்கே கழித்தலுக்குத்தான் திரும்ப வேண்டும். முதல் ஜோடி சேர்ந்திருப்பவை 48, இரண்டாம் ஜோடி சேர்ந்திருப்பவை 48. இரண்டையும் கழிக்கும்போது, இரு ஜோடிகளுமே சேர்ந்திருக்கும் வரிசைகள் இருமுறை போய்விடுகின்றன. இரு ஜோடிகளும் செழியனும் மூன்று உருப்படிகள்: 6 × 2 × 2 = 24. அதை ஒருமுறை திருப்பிக் கூட்டினால் 120 − 48 − 48 + 24 = 48.